கொடுத்தது 784.40, பிடித்தது 993.08: ஒரே ஆர்டரின் செட்டில்மென்ட் கணக்கு

நூல்முனை · 19 நவம்பர் 2025, இரவு 10.40

ஆன்லைன் விற்பனைத் தளத்தில் விற்ற ஒரு குர்த்தி. விலை ஜிஎஸ்டி சேர்த்து 1050. அக்டோபர் கடைசியில் அனுப்பினோம். நவம்பர் 6-ஆம் தேதி செட்டில்மென்டில் இந்த ஆர்டருக்கு வந்தது 784.40. கமிஷன் 12 சதவீதம் என்றுதான் சொன்னார்கள், போனதோ 265.60. அதைக்கூட விட்டுவிட்டேன்.

வாங்கியவர் அளவு சரியில்லை என்று திருப்பிவிட்டார். நேற்று வந்த அறிக்கையில் அதே ஆர்டர் எண்ணுக்கு மைனஸ் 993.08. மற்ற ஆர்டர்களின் பணத்தில் கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

என் கையில் கொடுத்ததே 784.40. அதை வாங்கிக்கொண்டு போகட்டும். கொடுக்காத பணத்தையும் சேர்த்து எப்படிப் பிடிக்கிறார்கள்?

வேகவிரல் · 19 நவம்பர், இரவு 10.52

எல்லா இடத்திலும் இதே கதைதான். ரிட்டர்ன் என்றால் அபராதம் போடுவார்கள். ஜிஎஸ்டி என்று வெட்டினதெல்லாம் எப்படியும் திரும்ப வந்துவிடும், அதைப் பற்றிக் கவலைப்படாதே. கணக்கை எளிதாக வைத்துக்கொள்: பேங்கில் என்ன விழுந்ததோ அதுதான் உன் விற்பனை. நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

பாத்திரக்கடை · 19 நவம்பர், இரவு 11.15

டெலிவரி ஆகாமலே திரும்பும் ஆர்டிஓவுக்கு ரிட்டர்ன் கூரியர் போடக் கூடாதே தம்பி? எனக்குப் போடுவதில்லை. சண்டை போடு.

நூல்முனை · 19 நவம்பர், இரவு 11.20

ஆர்டிஓ இல்லை அண்ணே. டெலிவரி ஆகி, அவர் போட்டுப் பார்த்து, அப்புறம் திருப்பியது.

பாத்திரக்கடை · 19 நவம்பர், இரவு 11.22

அப்போ சண்டை போடாதே.

பேரேடு · 20 நவம்பர், காலை 6.35

இரண்டு அறிக்கையிலிருந்தும் இந்த ஒரு ஆர்டரின் வரிகளை மட்டும் எடுத்து இங்கே போடுங்கள். மொத்தத்தை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. செட்டில்மென்ட் அறிக்கை பணம் அனுப்பிய தேதிப்படி அடுக்கப்பட்டிருக்கும். ஆர்டரின் கதையோ இரண்டு மூன்று தேதிகளில் சிதறிக் கிடக்கும். நீங்கள் பார்க்கிற 993.08, கதையின் இரண்டாம் பாதி மட்டுமே.

நூல்முனை · 20 நவம்பர், காலை 9.10

நவம்பர் 6 அறிக்கை:
விற்பனை 1050.00
கமிஷன் −126.00
ஃபிக்ஸட் ஃபீ −30.00
ஷிப்பிங் −64.00
கட்டணங்கள் மீது ஜிஎஸ்டி −39.60
டிசிஎஸ் −5.00
டிடிஎஸ் −1.00
வந்தது 784.40

நவம்பர் 18 அறிக்கை:
ரீஃபண்ட் −1050.00
கமிஷன் திரும்பியது +126.00
அதன் ஜிஎஸ்டி +22.68
ரிட்டர்ன் ஷிப்பிங் −82.00
அதன் ஜிஎஸ்டி −14.76
டிசிஎஸ் திரும்பியது +5.00
மொத்தம் −993.08

பேரேடு · 20 நவம்பர், பிற்பகல் 1.05

நல்லது. முதலில் உங்கள் கேள்விக்கு.

வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது 784.40 அல்ல, அவர் கட்டிய முழு 1050. அந்த 1050-இலிருந்து முதல் சுற்றில் போன 265.60 ஒரே இடத்துக்குப் போகவில்லை. தளத்துக்குக் கொஞ்சம், கூரியருக்குக் கொஞ்சம், அரசாங்கத்துக்குக் கொஞ்சம். ரிட்டர்ன் ஆனதும் இதில் எது திரும்புகிறது என்று வரி வரியாகப் பாருங்கள். கமிஷன் 126-ம் அதன் மேல் கட்டிய 22.68-ம் திரும்பிவிட்டது. ஜிஎஸ்டி கணக்கில் கட்டுவதற்காகத் தளம் பிடித்த டிசிஎஸ் 5 திரும்பிவிட்டது. ஆக 153.68. ஃபிக்ஸட் ஃபீயும் போன ஷிப்பிங்கும் திரும்பவில்லை. அதோடு திரும்பி வந்த ஷிப்பிங்குக்குப் புதிதாக 96.76 ஏறியிருக்கிறது.

1050-இல் 153.68-ஐக் கழித்து 96.76-ஐக் கூட்டினால் 993.08. பைசா பிசகவில்லை.

உங்களுக்கு இந்த ஆர்டரில் உண்மையில் போனது 993 இல்லை. இரண்டு சுற்றையும் சேர்த்துக் கூட்டினால் மைனஸ் 208.68. அதுவும் முழு நஷ்டம் இல்லை, அதற்கு மாலையில் வருகிறேன்.

வேகவிரல் சொன்னதில் பாதி சரி. அபராதம் என்று இங்கே ஒரு வரிகூட இல்லை.

பெட்டிகட்டி · 20 நவம்பர், பிற்பகல் 2.30

போகும்போது 64, வரும்போது 82 என்று ஏன் வித்தியாசம் என்று யாரும் கேட்கவில்லையா? எனக்கு இதே மாதிரி வந்தது. போகிற பார்சலை அரைக் கிலோ படியில் போட்டார்கள், திரும்பி வந்ததை அடுத்த படியில் போட்டார்கள். துணி அதே துணி. திருப்பி அனுப்பியவர் மடிக்காமல் உப்பலாகத் திணித்து அனுப்பியிருந்தார், அவ்வளவுதான்.

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து ஒரு கிலோ கணக்கு போடுவார்கள். அதுவும் தராசு காட்டுவதும், எது அதிகமோ அதற்குத்தான் பில். 30க்கு 25 கவரில் உயரம் 3 இருந்தால் 0.45 கிலோ. 4 ஆகிவிட்டால் 0.6. தராசில் 300 கிராம்தான் இருக்கும், ஆனால் படி தாண்டியாயிற்று. ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம்.

இப்போது காற்றை அழுத்தி எடுத்துவிட்டுத்தான் கவரை ஒட்டுகிறேன். போகிற ஷிப்பிங் அடங்கிவிட்டது. வருகிறதை என்ன செய்ய?

பேரேடு · 20 நவம்பர், பிற்பகல் 3.00

பெட்டிகட்டி சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் பல தளங்களில் ரிட்டர்ன் ஷிப்பிங்குக்குத் தனி விலைப்பட்டியலே இருக்கிறது, எடை மாறாமலே அதிகமாக இருக்கும். நூல்முனை, விற்பனையாளர் பக்கத்தில் கட்டண அட்டையைத் திறந்து பாருங்கள். அரைக் கிலோவுக்குள் ரிட்டர்ன் 82 என்று இருந்தால் பேச்சே இல்லை. அதைவிடக் குறைவாக இருந்தால் எடைப் படி மாறியிருக்கிறது, தளத்திடம் கேஸ் போடலாம். பார்சலை அளவுநாடாவோடு எடுத்த படம் இருந்தால்தான் நிற்கும்.

நூல்முனை · 20 நவம்பர், மாலை 4.45

பார்த்தேன். அட்டையிலேயே 82 தான். போட்டோ எடுக்கும் பழக்கமெல்லாம் நமக்குக் கிடையாது.

பேரேடு · 20 நவம்பர், இரவு 8.20

இப்போது 208.68. பிரித்தால் மூன்று சாமான்: திரும்பாத கட்டணம் 176 (ஃபிக்ஸட் 30, போன ஷிப்பிங் 64, வந்த ஷிப்பிங் 82), அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 31.68, டிடிஎஸ் 1.

31.68 உங்களுக்கு உள்ளீட்டு வரி வரவாகக் கிடைக்கும், நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். தளம் உங்கள் ஜிஎஸ்டி எண்ணுக்கு பில் போட்டிருக்கும், அது ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் 2பி அறிக்கையில் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அக்டோபர் பில்லில் 39.60 இருக்கும். நவம்பரில் ரிட்டர்ன் ஷிப்பிங்குக்கு 14.76 ஒரு பில், கூடவே கமிஷன் திரும்பியதற்கு 22.68-க்கு ஒரு கிரெடிட் நோட். பலர் பில்களை மட்டும் கூட்டி 54.36 எடுத்துவிடுகிறார்கள். கிரெடிட் நோட்டைக் கழித்தால் 31.68 தான் உங்களுடையது.

டிடிஎஸ் 1 ரூபாய் உங்கள் பான் கணக்கில் நிற்கிறது, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆக, கையை விட்டுப் போனது 176. அதோடு கவர், டேப், குர்த்தி என்ன கதியில் திரும்பி வந்ததோ அது. அறிக்கையில் வராத செலவு அதுதான், சில சமயம் அதுதான் பெரிது.

வேகவிரல் · 20 நவம்பர், இரவு 8.31

நான் சொன்னதைத்தானே சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள். ஜிஎஸ்டி திரும்ப வரும் என்றுதான் நானும் சொன்னேன்.

ஊசிப்பாசி · 20 நவம்பர், இரவு 9.05

எல்லாருக்கும் வராது. என் தங்கை வளையல் விற்கிறாள், ஜிஎஸ்டி பதிவே இல்லை. 2023 அக்டோபரிலிருந்து பதிவு இல்லாதவர்களும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் தளத்தில் விற்கலாம் என்று ஆனதே, அந்த வழியில் சேர்ந்தவள். அவளிடம் டிசிஎஸ் பிடிப்பதில்லை, அது நிம்மதி. ஆனால் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் அவளிடமும் உண்டு, அதைத் திரும்ப எடுக்க அவளுக்கு வழி கிடையாது. ஆக, இதே ரிட்டர்ன் அவளுக்கு நடந்தால் போவது 176 இல்லை, 207.68. விலை வைக்கும்போது கட்டணத்தோடு வரியையும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்று தலைபாடாய் அடித்துக்கொள்கிறேன், கேட்டால்தானே.

பேரேடு · 20 நவம்பர், இரவு 9.20

மிகச் சரி. காம்போசிஷன் திட்டத்தில் வரி கட்டுபவர்களும் அந்த 18 சதவீதத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

வேகவிரல் · 20 நவம்பர், இரவு 9.24

சரி, பதிவு இருந்தால் வரும். போதுமா?

ஆனால் அந்த டிடிஎஸ் வரியே தப்பு. அஞ்சு லட்சம் தாண்டினால்தானே டிடிஎஸ்? எனக்கு வருவதே இல்லை.

நூல்முனை · 20 நவம்பர், இரவு 9.40

நாங்கள் அண்ணன் தம்பி பார்ட்னர்ஷிப். அஞ்சு லட்சமெல்லாம் இன்னும் எட்டவில்லை. அப்போ எனக்குப் பிடிக்கக் கூடாதா?

பேரேடு · 20 நவம்பர், இரவு 10.10

பிடிக்கலாம். அந்த 5 லட்சச் சலுகை தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும்தான், அதுவும் பான் கொடுத்திருந்தால். பார்ட்னர்ஷிப்புக்குக் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே டிடிஎஸ் பாயும். வேகவிரல் தனிநபராக இருப்பார், அதனால் அவருக்கு வருவதில்லை.

விகிதம் 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம். அதற்கு முன்னால் 1 சதவீதம். டிசிஎஸ்ஸும் 2024 ஜூலை 10 முதல் பாதியாகி 0.5 ஆனது. பழைய வீடியோக்களைப் பார்த்துக் கணக்குப் போட்டால் இரண்டுமே இடிக்கும். உங்கள் குர்த்திக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 1050-இல் வரி நீக்கினால் 1000. அதில் 0.5 சதவீதம் 5 ரூபாய், 0.1 சதவீதம் 1 ரூபாய். இரண்டும் சரி.

பேரேடு · 21 நவம்பர், காலை 6.50

இரவு ஒன்றை விட்டுவிட்டேன். வேகவிரலின் முதல் பதிவில் "பேங்கில் விழுந்ததுதான் விற்பனை" என்று இருக்கிறது. இதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்.

தளம் வருமான வரித்துறைக்குச் சொல்வது உங்கள் பேங்க் தொகையை அல்ல. டிடிஎஸ் பிடிக்கிறவர்களுக்கு வருமான வரித்துறையின் 26ஏஎஸ் அறிக்கையில் விற்பனை மதிப்பே ஏறும். ரிட்டர்ன் ஆகாத ஒரு குர்த்திக்கு அங்கே 1000, உங்கள் பேங்கில் 784.40. நீங்கள் 784.40-ஐ விற்பனை என்று எழுதினால் வித்தியாசத்தைக் கேட்டு நோட்டீஸ் வரும். ஜிஎஸ்டி பக்கமும் அதே கதை: டிசிஎஸ்ஸுக்காகத் தளம் மாதா மாதம் ஜிஎஸ்டிஆர்-8 தாக்கல் செய்கிறது, அதில் உங்கள் விற்பனை இருக்கிறது. அதைவிடக் குறைவாக நீங்கள் உங்கள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டினால் உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். பேங்க் தொகையை விற்பனையாக எழுதுகிறவர் கட்டணத்தின் மேல் கட்டிய ஜிஎஸ்டியை எடுப்பதையும் மறந்துவிடுவார், ஏனென்றால் அவர் கணக்கில் அந்தக் கட்டணமே இல்லை.

என்னிடம் வந்த ஒரு கடைக்காரர் வருடக்கணக்கில் இப்படி எழுதியிருந்தார். பழைய அறிக்கைகளைத் தோண்டி எடுக்கப் போனால், தளத்தில் ஒரு கட்டத்துக்கு முந்தையவை கிடைக்கவில்லை. மாதா மாதம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேகவிரல் · 21 நவம்பர், காலை 7.30

எனக்கு டிடிஎஸ்ஸே இல்லை என்கிறேன், பிறகு 26ஏஎஸ்-இல் எப்படி வரும்?

பேரேடு · 21 நவம்பர், காலை 7.41

வராது. ஜிஎஸ்டிஆர்-8 இருக்கிறதே.

நூல்முனை · 21 நவம்பர், மாலை 5.15

வேறொரு குழப்பம். விற்றது அக்டோபர், திரும்பி வந்தது நவம்பர். அக்டோபர் ஜிஎஸ்டிஆர்-1-இல் 1000 காட்டியாயிற்று, நேற்று வரி கட்டி 3பி-யும் தாக்கல் செய்துவிட்டோம். இப்போது அக்டோபரைத் திருத்த வேண்டுமா?

பேரேடு · 21 நவம்பர், இரவு 8.00

வேண்டாம். அக்டோபரில் விற்றது உண்மை. நவம்பரில் திரும்பியது உண்மை. நவம்பருக்கு கிரெடிட் நோட் போட்டு அந்த மாத விற்பனையிலிருந்து 1000-ஐயும் வரி 50-ஐயும் கழியுங்கள். சில்லறை வாடிக்கையாளர் என்றால் ஜிஎஸ்டிஆர்-1-இல் அந்த மாநிலத்துக்கு எதிரே நிகரமாகக் காட்டினால் போதும்.

டிசிஎஸ்ஸும் அப்படியே ஓடும். அக்டோபருக்கான ஜிஎஸ்டிஆர்-8-இல் உங்கள் பெயரில் அந்த 5 ரூபாய் சேர்ந்திருக்கும், நவம்பர் 10-க்குள் தாக்கல் ஆகியிருக்க வேண்டும். நவம்பர் மாதத்துக்கானதில் அந்த 1000 கழியும். ஜிஎஸ்டி தளத்தில் Services, Returns, அதற்குள் "TDS and TCS credit received" என்ற பக்கம். அதைத் திறந்து நீங்களே ஏற்றுக்கொண்டு தாக்கல் செய்தால்தான் பணம் மின்னணு ரொக்கப் பேரேட்டில் விழும். தானாக விழாது.

பாத்திரக்கடை · 21 நவம்பர், இரவு 8.25

அப்படி ஒரு பக்கம் இருக்கிறதா?

பாத்திரக்கடை · 21 நவம்பர், இரவு 9.50

இருக்கிறது. போன வருஷத்திலிருந்து அப்படியே தூங்குகிறது என் பணம். ஆடிட்டருக்கு போன் போட்டால் "நீங்க கேக்கவே இல்லையே சார்" என்கிறார்.

பெட்டிகட்டி · 22 நவம்பர், காலை 11.10

பேரேடு சார், ஒவ்வொரு ஆர்டராக இப்படிப் பிரிக்க நேரமில்லை. மாசத்துக்கு முந்நூறு ஆர்டர் போகிறது. வழி இருக்கிறதா?

பேரேடு · 22 நவம்பர், பிற்பகல் 12.40

எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். இரண்டு மூன்று மாத அறிக்கைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக ஒரே ஷீட்டில் ஒட்டுங்கள். A பத்தியில் ஆர்டர் எண், F பத்தியில் தொகை என்று வைத்துக்கொள்வோம். H பத்தியில் ஒவ்வொரு ஆர்டர் எண்ணும் ஒருமுறை மட்டும் வருமாறு போட்டு, பக்கத்தில் இது:

```
=SUMPRODUCT(--($A$2:$A$20000=H2),$F$2:$F$20000)
```

கூட்டுத்தொகை மைனஸில் நிற்பவற்றை மட்டும் மேலே கொண்டு வாருங்கள். ரிட்டர்ன் ஆன ஆர்டர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு மைனஸில் நிற்கும், உங்கள் பொருளுக்கு அது எவ்வளவு என்று ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் போதும். நூல்முனைக்கு அது 208.68. அதோடு கமிஷன் 126-ம் சேர்ந்து மைனஸ் 334-ஐத் தாண்டி ஒன்று நின்றால் கமிஷன் திரும்பவில்லை என்று சந்தேகப்படலாம். மைனஸ் 1000-க்குப் பக்கத்தில் நின்றால் விற்பனைத் தொகை நீங்கள் ஒட்டாத பழைய அறிக்கையில் இருக்கிறது. கேஸ் போடுவதற்கு முன்னால் அதைத் தேடுங்கள்.

ஊசிப்பாசி · 22 நவம்பர், பிற்பகல் 1.15

SUMIF போட்டால் ஆகாதா? அதுதான் எனக்குத் தெரியும்.

பேரேடு · 22 நவம்பர், பிற்பகல் 1.30

ஆர்டர் எண்ணில் நடுவே கோடோ எழுத்தோ இருந்தால் SUMIF போதும். வெறும் இலக்கமாக 17, 18 இலக்கம் இருந்தால் வேண்டாம். எக்செல் எண்களை 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். SUMIF, டெக்ஸ்டாக வைத்த எண்ணையும் எண்ணாகப் பார்த்து, முதல் 15 இலக்கம் ஒன்றாக உள்ள இரண்டு ஆர்டர்களை ஒன்றாகக் கூட்டிவிடும். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், இறக்குமதி செய்து அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டுத் திறங்கள். இல்லையென்றால் கடைசி இலக்கங்கள் திறக்கும்போதே பூஜ்யமாகிவிடும்.

வேகவிரல் · 22 நவம்பர், மாலை 6.05

போட்டுப் பார்த்தேன். பதினோரு ரிட்டர்ன். ஒன்பது ஒரே அளவு. இரண்டில் கமிஷன் திரும்பவே இல்லை. கேஸ் போட்டிருக்கிறேன். பேங்க் கணக்கு விஷயத்தை இப்போது பேச வேண்டாம்.

நூல்முனை · 26 நவம்பர், இரவு 9.30

தளத்துக்கு இரண்டு கேள்வி அனுப்பியிருந்தேன். ஃபிக்ஸட் ஃபீ ஏன் திரும்பவில்லை, டிடிஎஸ் 1 ரூபாய் ஏன் திரும்பவில்லை. முதல் கேள்விக்குப் பதில் வந்தது: ஆர்டரைக் கையாண்டதற்கான கட்டணம், ரிட்டர்ன் ஆனாலும் திரும்பாது, ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். இரண்டாவதற்கு "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது" என்று மட்டும் வந்தது. ஒன்றும் தீரவில்லை.

வேறு தளத்தில் ஃபிக்ஸட் ஃபீ திரும்புகிறது என்று அண்ணன் சொல்கிறார். யாருக்காவது அப்படி வருகிறதா?

ஊசிப்பாசி · 26 நவம்பர், இரவு 9.55

தங்கை விற்கிற இடத்தில் டெலிவரி ஆகாமல் திரும்பினால் எல்லாமே திரும்புகிறது. வாங்கியவர் திருப்பினால் கமிஷன் மட்டும்தான்.

பேரேடு · 27 நவம்பர், காலை 6.40

ஃபிக்ஸட் ஃபீ தளத்துக்குத் தளம் வேறு, சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. டிடிஎஸ்: ரிட்டர்ன் ஆனால் அதே நிதியாண்டில் உங்களுடைய அடுத்த விற்பனைகளுக்குப் பிடிக்கும் டிடிஎஸ்ஸில் ஈடுகட்டிக்கொள்ளலாம். ஈடுகட்டியிருந்தால் அறிக்கையில் இந்த ஆர்டர் எண்ணுக்கு நேராக வர வேண்டும் என்றில்லை. அக்டோபர்–டிசம்பர் காலாண்டுக்கான டிடிஎஸ் தாக்கலுக்கு ஜனவரி 31 கடைசி. அதன் பிறகு 26ஏஎஸ்-ஐத் திறந்து, அந்தக் காலாண்டில் அறிக்கைகளில் பிடித்த மொத்தமும் அங்கே இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இருந்தால் 1 ரூபாய் எந்த வரியில் இருந்தாலும் உங்களுடையது. குறைந்தால் அப்போது கேளுங்கள், "தீர்க்கப்பட்டது" என்று சொல்ல முடியாது.

நூல்முனை · 27 நவம்பர், காலை 8.15

சரி சார். பிப்ரவரியில் பார்த்துவிட்டுப் போடுகிறேன். இதற்கிடையில் அதே குர்த்தியில் இன்னொன்று திரும்பி வந்திருக்கிறது, அதே காரணம், அளவு. அளவு அட்டவணையில் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் போட வேண்டிய இடத்தில் தம்பி சென்டிமீட்டரில் போட்டிருக்கிறான்.